‘ஓரிரு’வோடு நின்றுபோன எச்சரிக்கை

எங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு மாலை, நான் வண்டியை உள்ளே விடும் நேரத்தில் தன் பட்டன் போனை நீட்டினார். “இதைக் கொஞ்சம் பாருங்கள் சார். மழை சேதியா, வேறு ஏதாவதா? ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது.” தரைக்கீழ் வாகன நிறுத்தத்தில் தண்ணீர் புகுந்தால் மோட்டார் போடுவது அவர் பொறுப்பு. அதனால் இப்படிப்பட்ட சேதிகளை அவர் அலட்சியம் செய்வதில்லை.

திரையில் இருந்தது இவ்வளவுதான்:

“சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஓரிரு”

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கீழ்நோக்கும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். திரை நகரவில்லை. செல்போன் வலையமைப்புப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அந்தச் சேதி ஏன் சரியாக ‘ஓரிரு’வில் நின்றது என்பது எனக்கு உடனே புரிந்தது. அவருக்குப் புரிய வைக்கத்தான் நேரம் பிடித்தது.

ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்குக் கிடைப்பது 70 இடம். சேதி நீளமாகி, துண்டுகளாகப் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தால், துண்டுகளைத் திரும்பக் கோர்ப்பதற்கான குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய், ஒரு துண்டுக்கு 67 இடம்தான் மிஞ்சும். இந்த 67 என்பது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கும் அல்ல. ‘செ’ நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு ‘ச’ ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. ‘சென்னை’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஆறு இடத்தைத் தின்றுவிடும். ‘செங்கல்பட்டு’ பன்னிரண்டு, ‘மாவட்டங்களில்’ பதின்மூன்று. கால்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து மேலே உள்ள வரியை எண்ணிப் பாருங்கள். ‘ஓரிரு’வும் அதற்குப் பின்னால் வரும் இடைவெளியும் சேரும்போது சரியாக 67.

நான்கு மாவட்டங்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் துண்டு தீர்ந்துவிட்டது. மழை என்ற சொல்லே இன்னும் வரவில்லை. இடத்தை முதலில் சொல்லி ஆபத்தைக் கடைசியில் சொல்வது நம் மொழியின் இயல்பு. வினைமுற்று இறுதியில்தான் வரும். அலுவலகக் குறிப்புக்கு அது பொருந்தும். 67 இடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டிய எச்சரிக்கைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். “கனமழை, இரவு 9 வரை” என்று தொடங்கிவிட்டு மாவட்டங்களைப் பின்னால் அடுக்கினால், எங்கே வெட்டுப்பட்டாலும் தலை மிஞ்சும்.

சரி, மீதி எங்கே போனது? அவருடைய திரையின் மேல் ஓரத்தில் சிறிய உறை ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. சேதிப் பெட்டி நிரம்பிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. திறந்து பார்த்தால் ரீசார்ஜ் சலுகை, கடன் வேண்டுமா, காலர் டியூன் வேண்டுமா என்று மாதக்கணக்கில் சேர்ந்த குப்பை. எச்சரிக்கையின் முதல் துண்டுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்திருக்கிறது. மற்றவை வாசலில் நின்றன. முப்பது சேதிகளை அழித்தோம். இடம் காலியானதும் போனே அதை வலையமைப்புக்குத் தெரிவிக்கும். காத்திருக்கும் துண்டுகள் மறுபடி அனுப்பப்படும். சற்று நேரத்தில் போன் இரண்டு முறை முனகியது.

“இடங்களில் அடுத்த 3 மணி நேரத்தில் இடி மின்னலுடன் கூடிய கனமழை பெய்ய வ” என்பது இரண்டாவது துண்டு. மூன்றாவதன் தொடக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் அதை ஒட்டி ஒரு துணைக்காலும் நின்றன; பிறகு “ய்ப்புள்ளது”. ‘வா’ என்ற ஒரே எழுத்து இரண்டாகக் கிழிந்து, ‘வ’ அங்கேயும் கால் இங்கேயுமாகக் கிடந்தது. எல்லாத் துண்டுகளும் வந்த பிறகு இவற்றை ஒட்டி ஒரே சேதியாகக் காட்டும் போன்கள் உண்டு. அவருடையது வந்ததை வந்தபடி காட்டும் ரகம். எனவே பெரியவர்களின் போனில் ஒரு சேதி அரைச் சொல்லில் முடிந்தாலோ, புள்ளி வட்டத்தில் தொடங்கினாலோ, அது யாரோ தவறாகத் தட்டச்சு செய்தது அல்ல. பக்கத்துத் துண்டு ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் விஷயம் வேறு: அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. அப்போது பெட்டியைக் காலி செய்து பயனில்லை. சேதியை வேறு போனுக்கு அனுப்பிப் படிக்க வேண்டியதுதான்.

தொடுதிரை போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வேடத்தில் வரும். அங்கே சேதி முழுதாக வந்திருக்கும். கண்ணில் படுவதுதான் பாதி. பூட்டிய திரையிலும் மேலிருந்து இழுக்கும் அறிவிப்புப் பட்டியலிலும் முதல் ஒன்றிரண்டு வரிகளையே காட்டி, மூன்று புள்ளி வைத்து முடித்துவிடும். பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு மாவட்டப் பெயர்கூடத் தேறாது. அறிவிப்பின் ஓரத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியைத் தட்டினால் கொஞ்சம் விரியும். ஆனால் அதுவும் முழுமை என்று நம்ப வேண்டாம். சேதிச் செயலியைத் திறந்து, உரையாடலுக்குள் போய், கடைசி வரியில் முற்றுப்புள்ளியைப் பார்க்கும் வரை படிப்பதே சரி.

இனி, பலரும் குழம்பும் இடம். திடீரென்று போன் அலறி, திரை முழுவதும் ஒரு பெட்டி எழுமே, அது குறுஞ்செய்தியே அல்ல. 2023-இல் நாடு முழுவதும் பல நாள்களில் சோதனைக்காக இது அனுப்பப்பட்டபோது, வகுப்பறையிலும் பஸ்ஸிலும் எல்லாப் போன்களும் ஒன்றாகக் கத்தியது நினைவிருக்கலாம். செல் பிராட்காஸ்ட் என்பது அதன் பெயர். குறுஞ்செய்தி உங்கள் எண்ணைத் தேடி வருவது. இது கோபுரத்திலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் வானொலி போல ஒலிபரப்பாவது. 15 சிறு பக்கங்கள் வரை கொள்ளும் என்பதால் தமிழிலும் சில நூறு இடங்கள் கிடைக்கும்; துண்டாகிக் கிழிகிற சிக்கல் குறைவு. சிறிய திரையில் அந்தப் பெட்டிக்குள் வாசகம் உருளும், ‘OK’ பட்டன் மட்டும் அடியில் அசையாமல் நிற்கும். உருளும் என்பதற்கு எந்த அடையாளமும் தெரியாது. சத்தத்தை நிறுத்தும் அவசரத்தில் கை நேராகப் பட்டனுக்குப் போய்விடும். பெட்டி மறைந்த பிறகு குறுஞ்செய்திகளில் தேடுவார்கள். அங்கே இருக்காது.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் emergency alerts என்று தட்டினால் `Wireless emergency alerts` என்ற பக்கம் வரும். அதற்குள் `Emergency alert history` என்ற வரியில் பழைய எச்சரிக்கைகள் முழு வாசகத்தோடு வரிசையாக இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் சற்று மாறும். சில போன்களில் சேதிச் செயலியின் அமைப்புக்குள் ஒளிந்திருக்கும். மழை வராத ஒரு நாளில் இந்த இடத்தை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். ஐபோனில் அறிவிப்புப் பட்டியலில் அது இருக்கும். அங்கே துடைத்துவிட்டால் போனது போனதுதான். அதனால் ஐபோன்காரர்கள் பெட்டி எழுந்ததும் திரையைப் படம் பிடித்துக்கொள்வது நல்லது, அதுவும் கீழே உருட்டி இரண்டாவது படமும்.

போனில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் வெளியே தேட வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் `sachet.ndma.gov.in` தளத்திலும் அதன் செயலியிலும் நடப்பில் உள்ள எச்சரிக்கைகளை மாநிலவாரியாகப் பார்க்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் சென்னைப் பக்கமான `mausam.imd.gov.in/chennai` தளத்தில் மூன்று மணி நேர முன்னறிவிப்பு தனியாக இருக்கும். இணையம் இல்லாத காவலாளிக்கு 1077 போதும். மாவட்ட அவசரகாலக் கட்டுப்பாட்டு அறை. வேறு மாவட்டத்திலிருந்து அழைத்தால் அந்த ஊரின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.

தேடும்போது எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். எந்த மாவட்டம், எந்த அளவு மழை, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. அளவில் ஒரு சொல் விட்டுப்போனாலும் பொருள் மாறிவிடும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. வரி முறியும் இடத்தில் ‘மிக’ மேலே தங்கி ‘கனமழை’ மட்டும் கண்ணில் பட்டால், பாதி மழையை நாம் கணக்கில் எடுக்கவில்லை. ‘ஓரிரு இடங்களில்’ என்பதை ‘நமக்கு இல்லை’ என்று படிப்பவர்களும் உண்டு. மாவட்டத்தில் எங்கோ நாலில் ஒரு பங்குக்குள் பெய்யும் என்பதே அதன் பொருள். அந்தப் பங்கில் நம் தெரு இல்லை என்று அது சொல்லவில்லை.

நேரம்தான் எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது. “அடுத்த 3 மணி நேரம்” என்பது எச்சரிக்கை வெளியான நிமிடத்திலிருந்து ஓடுகிறது, நாம் படித்த நிமிடத்திலிருந்து அல்ல. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒருவர் தன் பூட்டிய திரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அதே நான்கு மாவட்டங்கள், மூன்று புள்ளி. வெளியான மணி இல்லை, முடியும் மணியும் இல்லை. மறுநாள் காலை வெயில் காயும்போது அந்தப் படம் இன்னொரு குழுவிலிருந்து புதிதுபோலத் திரும்பி வந்தது. பள்ளி விடுமுறையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

காவலாளியின் போனில் முதல் துண்டு வந்த நேரம் மாலை 6.40. நாங்கள் மீதியைப் படித்தபோது 7.20. “அப்படியென்றால் ஒன்பது நாற்பது வரைதானே சார் கணக்கு?” என்றார். வெளியானது இன்னும் முன்னதாக இருக்கலாம் என்றேன். அவர் 1077-க்கு அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர், ஆறு மணிக்குத் தந்த முன்னறிவிப்பு, ஒன்பது வரை, அதற்குப் பிறகு புதிதாக வந்தால்தான் தெரியும் என்றார். காவலாளி வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் ‘6 – 9’ என்று எழுதிக்கொண்டு, மோட்டாரின் குழாய் வாயில் சிக்கியிருந்த சருகை எடுக்கக் கீழே இறங்கிப் போனார்.