ஒரு சதவீத ஸ்பிரெட்டுக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் நல்ல தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்கள் கடனைத் திருப்பித் தராமல் போவது மிக அரிது என்றால், அவற்றின் கடன் பத்திரங்கள் அரசுக் கருவூலப் பத்திரங்களைவிட ஏன் இவ்வளவு கூடுதல் வட்டி தருகின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கூடுதல் ஈட்டுவீதத்தைச் சந்தையில் ஸ்பிரெட் என்பார்கள். கணக்கு எளிதாக இருக்கவேண்டி, நான் அமைத்துக்கொண்ட ஓர் உதாரணத்தில் அதை ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் கூறு எதிர்பார்க்கப்படும் இழப்பு. இத்தகைய 1000 நிறுவனங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 4 கடன் தவறுகின்றன என்றும், தவறினாலும் நூறு டாலருக்கு 40 டாலர் மீளும் என்றும் கொண்டால், இழப்பு 0.4 சதவீதத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது 0.24 சதவீதம். ஸ்பிரெட்டில் கால்வாசிக்கும் குறைவாகவே இதனால் விளங்குகிறது.

இரண்டாவது கூறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 0.4 சதவீதம் ஆண்டுதோறும் ஒரே அளவாக வருவதில்லை. பத்தில் ஒன்பது ஆண்டுகள் நல்லவை, அவற்றில் 0.2 சதவீத நிறுவனங்களே தவறுகின்றன; பத்தில் ஓர் ஆண்டு பொருளாதாரம் சரிகிறது, அப்போது 2.2 சதவீதம் தவறுகின்றன. சராசரி அதே 0.4 தான். ஆனால் வேலையும் பங்குச் சந்தையும் ஒருசேரச் சரியும் ஆண்டில் கையிலிருந்து போகும் ஒரு டாலர், செழிப்பான ஆண்டில் போகும் டாலரைவிட அதிகம் வலிக்கும். அந்த வலியை 6 மடங்கு என்று எடைபோட்டால், நல்ல ஆண்டுகளின் எடை 0.9, கெட்ட ஆண்டின் எடை 0.6, மொத்தம் 1.5 ஆகிறது. ஆக, முதலீட்டாளர் விலை பேசும்போது கெட்ட ஆண்டுக்கு 10 சதவீத வாய்ப்பு அல்ல, 40 சதவீத வாய்ப்பு இருப்பதுபோல் நடந்துகொள்கிறார். அவர் பார்வையில் கடன் தவறும் வீதம் 1 சதவீதமாகவும், இழப்பு 0.60 சதவீதமாகவும் உயர்கின்றன. முன்னர் கண்ட 0.24-க்கு மேல் உள்ள 0.36 சதவீதம்தான் ரிஸ்க் பிரீமியம்: இழப்புக்கு அல்ல, இழப்பு வேளைகெட்ட வேளையில் வருவதற்குக் கேட்கும் கூலி. 6 மடங்கு மிகையல்லவா என்று தோன்றினால் அது நியாயமான சந்தேகமே. எளிய மாதிரிகளில் இவ்வளவு பெரிய எடை இயல்பாகக் கிடைப்பதில்லை என்பதைத்தான் ஆய்வாளர்கள் கிரெடிட் ஸ்பிரெட் புதிர் என்கிறார்கள்.

மூன்றாவது கூறாக மிஞ்சிய 0.40 சதவீதம் எதற்கு? இங்கே கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப், சுருக்கமாக சிடிஎஸ், தராசாக உதவுகிறது. நிறுவனம் கடன் தவறினால் இழப்பை ஈடுசெய்யும் இந்த ஒப்பந்தத்தின் ஆண்டுக் கட்டணத்தில் முதல் இரண்டு கூறுகளும் சேர்ந்தே இருக்கும். நம் உதாரணத்தில் அது 0.60. பத்திரத்தின் ஸ்பிரெட்டிலிருந்து இதைக் கழித்தால், கடன் தவறுதலோடு தொடர்பற்ற பகுதி கிடைக்கிறது. லாங்ஸ்டாஃப், மித்தல், நைஸ் ஆகிய மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியில் கணக்கிட்டு, கருவூலப் பத்திரங்களோடு ஒப்பிட்ட ஸ்பிரெட்டில் கடன் தவறுதலின் பங்கு ஏ தரத்தில் 56 சதவீதம், பிபிபி தரத்தில் 71 சதவீதம் என்று கண்டது. மிச்சப் பகுதி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டோடு சேர்ந்து கூடியது, வெளியீட்டின் அளவு பெரிதாக இருந்தால் குறைந்தது. அது பத்திரத்தை உடனே விற்க முடியாமைக்கான ஈடு என்று கருத இதுவே காரணம். ஒரே நிறுவனத்தின், ஒரே முன்னுரிமையும் ஏறக்குறைய ஒரே முதிர்வுக் காலமும் கொண்ட இரு பத்திரங்களில், அதிகம் கைமாறாத பழையதற்கு ஈட்டுவீதம் கூடுதலாக இருந்தால், அதையும் இந்த ஈட்டின் அடையாளமாகக் கொள்ளலாம். அமெரிக்காவில் 2002 ஜூலை முதல் டிரேஸ் என்ற அமைப்பின் வழியாக வர்த்தக விலைகள் பொதுவெளிக்கு வந்ததால்தான் இப்படிப்பட்ட ஒப்பீடுகள் பரவலாயின. இத்தகைய தரவுச் சேகரிப்புக்குச் செலவிடும் பணம், மேலும் நுட்பமான பத்து மாதிரிகளுக்குச் செலவிடுவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

ஆனாலும் அந்த மிச்சம் முழுவதையும் விற்பனைச் சிரமத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கருவூலப் பத்திர வட்டிக்கு மாநில வருமான வரி இல்லை, நிறுவனப் பத்திர வட்டிக்கு உண்டு. அந்த வேறுபாடும் இதில் ஒளிந்திருக்கலாம். தராசும் சில நேரம் தடுமாறுகிறது. 2008 இறுதியில் பத்திர ஸ்பிரெட்டுகள் சிடிஎஸ் கட்டணங்களைவிட வெகுவாக உயர்ந்தன. பத்திரத்தையும் அதற்கான சிடிஎஸ் காப்பையும் சேர்த்து வாங்கினால் ஏறக்குறைய ஆபத்தில்லாத லாபம் கிடைக்கும் நிலை. ஆனால் அப்படி வாங்கக் கடன் திரட்டுவதே அப்போது கடினமாக இருந்தது, காப்பு விற்றவரே திவாலாகலாம் என்ற அச்சமும் இருந்தது. 2020 மார்ச்சிலும் ரொக்கம் தேடிப் பலர் பத்திரங்களை விற்றபோது இந்த இடைவெளி விரிந்தது. மார்ச் 23 அன்று நிறுவனப் பத்திரங்களை வாங்கப்போவதாக ஃபெடரல் ரிசர்வ் அறிவித்தபின், அது ஒரு பத்திரத்தைக்கூட வாங்கும் முன்னரே ஸ்பிரெட்டுகள் இறங்கத் தொடங்கின. அந்த இறக்கத்தில் சிடிஎஸ் கட்டணமும் சேர்ந்து குறைந்த அளவை எதிர்பார்க்கப்படும் இழப்பு அல்லது ரிஸ்க் பிரீமியத்தின் கணக்கிலும், அதற்கு மேல் பத்திரங்கள் மட்டும் மீண்ட அளவை மூன்றாம் கூறின் கணக்கிலும் வைப்பதே இம்முறையில் செய்யக்கூடியது.