பொதுக் கணினியில் தமிழ் அடிக்க எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்

மயிலாடுதுறைப் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படியிருக்கும் என்று தெரியும். மறுநாள் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். மனு அடிக்க வரிசையில் ஆள் நிற்கும். போன வாரம் அந்த நெரிசலில் ஒரு தம்பி, 'தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்' என்று தேடி, முதலில் வந்ததை இறக்கி கணினியில் ஏற்றிவிட்டார். தமிழ் வரவில்லை. பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போய், எதைத் திறந்தாலும் விளம்பரம். அந்தக் கணினி அன்று இரவு முழுக்க யாருக்கும் பயன்படவில்லை. இதே கதை திரும்பத் திரும்ப நடப்பதால்தான் எழுதுகிறேன்.

'தமிழ் ஃபான்ட் இல்லாமல் தமிழ் எப்படி வரும்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும். விண்டோஸில் நிர்மலா யூஐ என்ற யூனிகோட் எழுத்துரு கூடவே வருகிறது. பாமினி போன்ற ஃபான்ட்கள் பழைய முறை. அதில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், `jkpo;` என்று நிற்கும். யூனிகோடில் அடித்தது எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும். உங்கள் மனு எந்த வகை என்று தெரிய இந்த ஒரு சோதனை போதும். யூனிகோடில் அடித்துவிட்டு, பழைய மனுவோடு பொருந்தட்டும் என்று பாமினியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பலனும் இல்லை.

இன்னொன்று. ஆங்கில எழுத்தில் அடிப்பதைத் தமிழாக மாற்றும் கூகுள் இன்புட் டூல்ஸை விண்டோஸில் நிறுவும் வசதியைக் கூகுளே நிறுத்திப் பல வருடமாகிறது. இன்று 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று எந்தத் தளமாவது கொடுத்தால் அது வேறு யாரோ வைத்திருக்கும் நகல். பென் டிரைவில் கொண்டுவந்தாலும் அதேதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் குரோமில் `Ctrl+Shift+N` அழுத்தி, பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்காத தனி ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். அதில் `google.com/inputtools/try` பக்கத்துக்குப் போய், மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிக்குள் `ayya` என்று அடித்தால் கீழே பட்டியல் வரும். ஸ்பேஸ் தட்டினால் முதலில் இருப்பது உட்காரும், எண்ணைத் தட்டினால் அந்த எண்ணில் இருப்பது உட்காரும். மனு முடிந்ததும் காப்பி செய்து வேர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கவனம் தேவை. அந்தக் கருவி உங்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே `l`தான் அடிக்கிறோம். ர, ற இரண்டுக்கும் `r`. வழக்கமான சொற்களைச் சரியாகப் பிடித்துவிடும், ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும்தான் சறுக்கும். நான் பார்த்த ஒரு மனு: குத்தாலம் வட்டத்து விவசாயி, சம்பாப் பயிர் மூழ்கியதற்கு நிவாரணம் கேட்டிருந்தார். பேருந்துப் பலகையில் பார்த்த பழக்கத்தில் `kuttalam` என்று அடித்து, பட்டியலைப் பார்க்காமல் ஸ்பேஸ் தட்டியிருக்கிறார். முகவரியில் 'குற்றாலம்' வந்துவிட்டது. குற்றாலம் தென்காசி மாவட்டம், குத்தாலம் நம் மாவட்டம். `kuththaalam` என்று ஒலிக்கேற்ப நீட்டி அடித்திருந்தால் சரியாக வந்திருக்கும். அவர் அச்செடுத்துக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

அதனால் பெயர், அப்பா பெயர், கிராமம், வட்டம் இந்த நான்கையும் பட்டா அல்லது ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் வரவே இல்லையென்றால் அதே பக்கத்தில் திரை விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு எழுத்தாக மவுஸால் தட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அதில் ஊகம் கிடையாது.

அந்தப் பெட்டியில் அடிப்பது இணையம் வழியாகச் சர்வருக்குப் போய்த்தான் தமிழாகத் திரும்புகிறது. இணையம் அறுந்தால் மாற்றம் நின்றுபோவதும் அதனால்தான். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை அங்கே அடிக்காதீர்கள். எண்ணுக்குத் தமிழ் மாற்றம் எதற்கு? மனுவை வேர்டில் ஒட்டிய பிறகு நேரடியாக அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

எழுந்திருக்கும் முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஜன்னலை மூடினாலும் காப்பி செய்த மனு கணினியின் நினைவில் இருக்கும், அடுத்து உட்காருகிறவர் `Ctrl+V` தட்டினால் உங்கள் முகவரியோடு அப்படியே வந்து விழும். `Win+V` தட்டி, பட்டியல் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பட்டியல் வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் வேறு ஏதாவது ஒரு சொல்லைக் காப்பி செய்யுங்கள், பழையது போய்விடும். வேர்டில் சேமித்த கோப்பையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். தயவுசெய்து இந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள் ஐயா, உங்கள் பட்டா எண்ணும் போன் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.