பேச ஒரு வாய்ப்பு கேட்கும் குறுஞ்செய்தி

தம்பதியர் ஆலோசனைக்குத் தனியாக வந்த ஒருவர், தம் கைப்பேசியை என் முன் நீட்டி, "இதை அனுப்பலாமா?" என்று கேட்டார். இணைய ரம்மியில் பணத்தை இழந்து, மனைவியின் 11 பவுன் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தார். ஏல அறிவிப்பு வீட்டுக்கு வந்த அன்றே மனைவி பிள்ளையுடன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் எழுதி வைத்திருந்தது இது: "என்னை மன்னித்துவிடு. ஒரே ஒரு தடவை பேசு. பிள்ளை முகத்துக்காகவாவது வா. நீ வராவிட்டால் நான் உயிரோடு இருந்து பயனில்லை."

செய்தது என்ன என்பது இதில் எங்குமே இல்லை. மன்னிப்பைக் கேட்டவுடன் பதில் சொல்லும் கடமை மனைவியின் தலையில் விழுகிறது; பிள்ளையைச் சொன்னதும், மறுத்தால் அவர் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுகிறார். கடைசி வரி மிரட்டல். அப்படி ஓர் எண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்டேன்; இருந்தால் அதை மருத்துவரிடமோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ சொல்ல வேண்டும், காயப்பட்டவரிடம் அல்ல.

இரண்டு அமர்வுகளுக்குப் பின் அனுப்பியது:

"உன் நகையை உன்னைக் கேட்காமல் அடகு வைத்தேன். நீ கேட்டபோது லாக்கரில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். கடன் மொத்தம் 4,20,000 ரூபாய். அடகுச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு விவரமும் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். உனக்கு விருப்பமிருந்தால் அரைமணி நேரம் பேச வேண்டும். எங்கே, எப்போது, யாரை உடன் வைத்துக்கொண்டு என்பதை நீயே முடிவு செய். வேண்டாம் என்றாலும், பதிலே போடாவிட்டாலும் சரி. இதைப் பற்றி மறுபடி எழுதமாட்டேன். பள்ளிக் கட்டணத்தை எப்போதும்போல் கட்டிவிடுவேன்."

கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது நான்தான், ஏனெனில் பேச மறுத்தால் பணம் நின்றுவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை மனைவியின் சம்மதம் சம்மதமாகாது. அனுப்பிய கையோடு வாட்ஸ்அப்பில் நீல டிக் வசதியையும் அணைக்கச் சொன்னேன். நம் கைப்பேசியில் அணைத்தால் மற்றவர் படித்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. முன்பு அவர் இரவு முழுக்க அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்து, நிறம் மாறியதும் அடுத்த செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தவர்.

எல்லோரும் இப்படி ஒரு செய்தியை அனுப்பலாம் என்று இதற்குப் பொருளில்லை. தொடர்புகொள்ளாதே என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தால், எவ்வளவு பணிவான செய்தியும் அத்துமீறல்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெறும் பாதுகாப்பு உத்தரவு, குறுஞ்செய்தி உட்பட எந்த வகைத் தொடர்பையும் தடை செய்யக்கூடும்.

பத்தொன்பது நாள் கழித்து பதில் வந்தது: "சீட்டுகளின் அசலைத் தபாலில் அனுப்பவும்." பேசுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்ன பதில் எழுதுவது என்று கேட்டார். சீட்டுகளை அனுப்புங்கள் என்றேன்.