பதினேழா, பதினெட்டா? இரைச்சல் லைனில் ஒரு அறைப் பதிவு

நல்லூருக்குப் பக்கத்தில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதி இருக்கிறது. அதை நடத்தும் அன்ரிக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது. நயினாதீவுக்குப் போகத் தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள் அறை கேட்டு அழைத்தால் என்னையும் அந்த அழைப்பில் சேர்த்துக்கொள்வார். மூன்று பேரும் மூன்று இடத்தில். அவர்கள் சொல்வதைத் தமிழிலும் அன்ரி சொல்வதைச் சிங்களத்திலும் சொல்வது என் வேலை.

தொடங்கிய முதல் வருடமே ஒரு பிழை விட்டேன். அழைத்தவர் 17ஆம் திகதி என்றார், நான் 18 என்று சொன்னேன். 17ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குக் குடும்பம் வாசலில் நின்றது. எல்லா அறையிலும் ஆட்கள். வயதான ஒரு தாயார் அன்ரி வீட்டு முன்விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், கவனமாகவும்தான் கேட்டேன். பிறகு எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் தொலைபேசி நம் காதுக்கு என்ன செய்கிறது என்பது பிடிபட்டது.

சிங்களத்தில் ஏழு 'ஹத்த', எட்டு 'அட்ட'. பதினேழு 'தஹஹத்த', பதினெட்டு 'தஹஅட்ட'. (காதுக்குக் கேட்பதற்கு மிக நெருக்கமாக எழுதினால் இப்படித்தான் வரும்.) விரைவாகப் பேசும்போது நடுவிலுள்ள 'ஹ' கரைந்துவிடும். மிஞ்சுவது 'த்த'வுக்கும் 'ட்ட'வுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஒன்றில் நாக்கு பல்லைத் தொடுகிறது, மற்றதில் மேலண்ணத்தை நோக்கி வளைகிறது. அந்த வித்தியாசம் காதில் தெரிவது நாக்கு தொடும் கணத்திலும் விடுபடும் கணத்திலும்தான். அது ஒரு செக்கனில் மிகச் சிறிய பங்கு.

சாதாரணத் தொலைபேசி இணைப்பு நம் குரல் முழுவதையும் கொண்டுபோவதில்லை. செக்கனுக்கு ஏறக்குறைய 300 முதல் 3,400 அதிர்வுகள் வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் வெட்டிவிடும். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் அந்த இடைப்பகுதிக்குள் இருப்பதால் அவை தப்பிவிடும். 'ஸ' போன்ற உரசொலிகளின் பலம் 4,000க்கு மேல்தான் அதிகம், அதனால் அவை தேய்ந்து வரும். 'ஹ' என்பதோ வெறும் மூச்சு. பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வேலையைக் கைத்தொலைபேசி தானாகச் செய்யும்போது, இந்த மூச்சையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடக்கூடும். புதிய இணைப்புகள் 7,000 வரை கொண்டுபோகும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு முனையும் நடுவிலுள்ள வலையமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்த அழைப்பில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

இன்னொரு வகைக் கோளாறு இதற்கு முற்றிலும் வேறானது. கைத்தொலைபேசி குரலை 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. சிக்னல் தளர்ந்தால் சில துண்டுகள் வந்து சேராது. அந்த இடத்தில் வெறுமை கேட்டால் நமக்குத் தெரிந்துவிடும், திரும்பக் கேட்போம். ஆனால் கேட்கும் முனையிலுள்ள கருவி முன்பு வந்த துண்டின் ஒலியையே சற்று மங்கலாக நீட்டி அந்த ஓட்டையை ஒட்டிவிடும். பேச்சு தொடர்ச்சியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சாதாரண உரையாடலில் பெரிய உதவி. எண்களில் இதுதான் ஆபத்து. தொலைந்தது 'ஹ' என்றால், முன்னிருந்த 'அ' நீண்டு அந்த இடத்தை நிரப்பும். கேட்பவருக்கு ஏதோ குறைந்தது என்றே படாது, எட்டு என்றே கேட்டுவிடக்கூடும்.

வேறு சொற்களில் இப்படி நடந்தால் மனம் திருத்திக்கொள்ளும். 'நயினா…வுக்குப் போக' என்று கேட்டால் நடுவில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும். எண்ணுக்கு அந்த உதவி இல்லை. 17ஆம் திகதியும் வரலாம், 18ஆம் திகதியும் வரலாம். வசனத்தில் வேறெதுவும் அதைக் காட்டிக் கொடுக்காது.

ஆகவே நான் முதலில் கேட்பது எண்ணை அல்ல, லைனை. குரல் முழுவதும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல அமுங்கி, ஆனால் அறுபடாமல் வந்தால் அது முதல் வகை. அங்கே அதே சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்வதில் பயன் குறைவு. பத்துத் தரம் சொன்னாலும், உரக்கச் சொன்னாலும், அதே பகுதிதான் வெட்டுப்படும். வேறு சொல்லால் சொல்ல வைக்க வேண்டும். குரல் விட்டு விட்டு, உலோகத்தில் தட்டுவதுபோல வந்தால் இரண்டாம் வகை. அங்கே தொலைவது தற்செயல் என்பதால் அதே சொல்லை மெதுவாக இரண்டு தரம் சொல்ல வைத்தாலே போதும். ஒரு தரம் விழுந்தது மறுதரம் பெரும்பாலும் விழாது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் வந்த ஓர் அழைப்பு இரண்டும் கலந்தது. ஓடும் பஸ்சுக்குள்ளிருந்து ஒருவர். ஆறு பேர், இரண்டு அறை, தாயாருக்குப் படி ஏற முடியாது, கீழ் அறை வேண்டும். இதெல்லாம் ஒரே தரத்தில் விளங்கியது. திகதி வந்ததும் 'தஹ…த்த' என்று கேட்டது. நான் அன்ரியிடம், "அன்ரி, லைன் கிளியர் இல்லை, திகதியை உறுதிப்படுத்திக் கேட்கிறன், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். இதைச் சொல்லாமல் விட்டால், நாங்கள் இருவரும் தனக்குத் தெரியாமல் ஏதோ பேரம் பேசுகிறோம் என்று அவர் நினைக்க இடமுண்டு.

பிறகு அழைத்தவரிடம், "மாத்தயா, அது என்ன கிழமை?" என்று சிங்களத்தில் கேட்டேன். 'பதினேழா?' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அரைகுறையாகக் கேட்டவரும் 'ஆம்' என்றுதான் சொல்வார். "இரிதா" என்று பதில் வந்தது. ஞாயிறு. நாட்காட்டியில் ஞாயிறு 17, திங்கள் 18. திங்களுக்குச் சிங்களத்தில் 'சந்துதா', இரிதாவோடு குழம்பாது. ஆக, பதினேழு.

கிழமை நல்ல காவல்தான், ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பிழை ஏழு நாள், பதினான்கு நாள் என்று விழுந்தால் கிழமை மாறாது. சிங்களத்தில் பத்து 'தஹய', பதினேழு 'தஹஹத்த'. இரண்டும் ஏழு நாள் இடைவெளி, இரண்டும் 'தஹ' என்றுதான் தொடங்கும். அதனால், "எத்தனை இரவு? என்றைக்குப் போகிறீர்கள்?" என்றும் கேட்டேன். இரண்டு இரவு, பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை கிளம்புவோம் என்றார். பத்தில் வந்தால் பத்தொன்பதில் கிளம்ப ஒன்பது இரவு வேண்டும். பதினேழு உறுதியானது. மாதத்திலும் இப்படி ஒரு குழி இருக்கிறது. சிங்களத்தில் ஜூன் 'ஜூனி', ஜூலை 'ஜூலி'. அந்த மாதங்களில் அழைப்பு வந்தால் பாடசாலை விடுமுறை, போயா என்று வேறொன்றைக் கேட்டுத்தான் பிரிப்பேன்.

அப்புறம் விலை. அறைக்கு ஒரு இரவு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் அன்ரி. சிங்களத்தில் அது 'ஹத்' என்று தொடங்கும், எட்டாயிரம் 'அட்ட' என்று தொடங்கும். பழைய அதே வில்லங்கம். இலக்கம் இலக்கமாகச் சொன்னாலும் முதல் இலக்கம் 'ஹத்த'தான். அதனால் விலையைச் சொல்லிவிட்டு மொத்தத்தையும் சொன்னேன். இரண்டு அறை, இரண்டு இரவு, முப்பதாயிரம், 'திஸ் தாஹ'. எட்டாயிரத்து ஐந்நூறு என்று அவர் கேட்டிருந்தால் மொத்தம் முப்பத்துநாலாயிரமாக அவர் கணக்கில் இடித்திருக்கும். "திஸ் தாஹ, சரி" என்று அவரே திருப்பிச் சொன்னார்.

இது எதிர்ப்பக்கம் மட்டும் உள்ள சிக்கல் அல்ல. தமிழ் எண்களிலும் குழி இருக்கிறது, இடம்தான் வேறு. ஆங்கிலத்தில் தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டையும் பிரிப்பது சொல்லின் வால். நம் ஒம்பது, அம்பது, எம்பது என்ற பேச்சுவழக்கில் வால் ஒன்றே, தலைதான் வேறு. அன்ரி சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பார். ஸ்பீக்கரில் கருவி ஒரு பக்கத்தை அடக்கி மறுபக்கத்தைத் திறக்கும்போது முதல் அசை அறுபடும். '…ம்பது' மட்டும் வரும். முற்பணம் ஒன்பதாயிரமா ஐம்பதாயிரமா? அதனால் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வேன். அதோடு எண்ணுக்கு முன்னால் ஒரு சொல் போடச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்: "முற்பணம் வந்து, ஒம்பதாயிரம்." அறுபட்டால் 'முற்பணம்' அறுபடட்டும். உயிரெழுத்து இடைப்பகுதிக்குள் தப்பும் ஒலி என்பதால், தலை முழுதாக வந்துவிட்டால் ஒ, அ, எ மூன்றையும் மோசமான லைனிலும் பிரித்துவிடலாம்.

எண் காதில் விழுந்த அந்தக் கணமே, வாய் திறக்குமுன் எழுதிவிடுவேன், எழுத்தில் அல்ல, இலக்கத்தில். கேட்ட ஒலி மனத்தில் இரண்டு செக்கன் அளவுதான் அப்படியே நிற்கும், அதற்குமேல் வைத்திருக்க உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உரைபெயர்ப்பவரின் வாய் அந்த நேரம் வேறு மொழியில் ஓடுகிறது, உள்ளுக்குள் சொல்ல இடமில்லை. எழுதாமல் வைத்திருந்த எண்ணை, பேசிக்கொண்டிருக்கும் வசனமே அழித்துவிடும்.

கடைசியாகத் தொலைபேசி இலக்கம். பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். மூன்று, மூன்று, நாலு என்று பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அன்ரி எழுதும்வரை பொறுத்து அடுத்ததைக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அன்ரி "ஓம், ஓம்" என்றார். நம் ஊர் 'ஓம்' பாதி நேரம் 'சரி' அல்ல, 'கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லு' என்பதுதான். "அன்ரி, எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ" என்றேன். வாசித்தார். ஏழாவது இலக்கம் என் தாளில் ஆறு, அவர் தாளில் ஏழு. அழைத்தவரிடம் அந்தக் கடைசி நாலை மட்டும் மறுபடி கேட்டேன். பஸ் எங்கோ நின்றிருக்க வேண்டும், இப்போது குரல் அறுபடாமல் வந்தது. ஹய, ஆறு. அன்ரி வெட்டித் திருத்திவிட்டு அந்த இலக்கத்துக்கே திகதி, இரவு, தொகை மூன்றையும் இலக்கத்தில் தட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். ஒரு நிமிடம் கழித்து 'ஹரி', அதாவது சரி, என்று பதில் வந்தது.