மதியக்கொடை 12 மணியா, 1 மணியா: உலாவிக்குள் வந்த ஒரு பிஎஸ்டி கோப்பு

பாளையங்கோட்டையில் ஒரு பிளெக்ஸ் கடை. அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடை. அதற்கு 10 அடிக்கு 6 அடி பேனர். வடிவமைத்த அண்ணாச்சி லீவில் ஊருக்குப் போய்விட்டார், கோப்பை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறார். திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: மதியக்கொடை 12 மணி என்பது 1 மணி ஆக வேண்டும். கடைப் பையனின் லேப்டாப்பில் ஃபோட்டோஷாப் இல்லை. உலாவியில் ஓடும் எடிட்டர் ஒன்றைத் திறந்து, கோப்பை அதற்குள் இழுத்துப் போடுகிறான். பார்த்தவுடன் எல்லாம் சரியாகவே தெரிகிறது. எழுத்து அடுக்கைச் சொடுக்கி, 12ஐ அழித்துவிட்டு 1 என்று அடிக்கிறான். அடித்த கையோடு வரி முழுக்க இப்படி மாறிவிடுகிறது:

```
kjpaf;nfhil 1 kzp
```

ஒரு எண்ணை மாற்றினால் பக்கத்தில் இருக்கிற தமிழ் ஏன் கெட வேண்டும்? அதற்கு, ஃபோட்டோஷாப் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கோப்பு `8BPS` என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். முதல் 26 பைட்டில் படத்தின் நீள அகலமும் வண்ண முறையும் இருக்கும். நடுவில் அடுக்குகள். கடைசியில், எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தட்டையாக்கிய ஒரு முழுப் படம். இந்தக் கடைசிப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எழுத்து அடுக்கு ஒவ்வொன்றும் தன்னை இரண்டு விதமாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஒன்று, வரைந்து முடித்த படம், அதாவது வெறும் புள்ளிகள். இன்னொன்று, அந்தப் படத்தை மறுபடி வரைவதற்கான குறிப்பு: என்னென்ன எழுத்துகள், எந்த ஃபான்ட், என்ன அளவு, என்ன நிறம். ஃபான்ட் கோப்பு உள்ளே இருக்காது, அதன் பெயர் மட்டும்தான் இருக்கும். சாம்பாரும் அதன் செய்முறைத் தாளும் ஒரே தூக்குச்சட்டியில் வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் புளியும் நம் வீட்டில் இருந்தால்தான் அந்தத் தாளால் பயன்.

கோப்பைத் திறக்கும்போது எடிட்டர் எழுத்தைப் புதிதாக வரைவதில்லை. அண்ணாச்சியின் கணினி வரைந்து வைத்த புள்ளிகளை எடுத்து அப்படியே காட்டுகிறது. ஃபான்ட் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். படம்தான் சரியாக இருக்கிறதே என்று பையன் அதை மூடியிருப்பான். ஆனால் ஓர் எழுத்தைத் தொட்டாலும் பழைய புள்ளிகள் செல்லாக்காசு. முழு வரியையும் குறிப்பிலிருந்து மறுபடி வரைந்தாக வேண்டும். குறிப்போ பாமினி ஃபான்டைக் கேட்கிறது. அது இல்லாததால் கையில் இருக்கும் வேறொரு ஃபான்டை எடிட்டர் போட்டுவிடுகிறது.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று சேர்ந்துகொள்கிறது. பாமினி யூனிகோடுக்கு முந்தைய வகை. அதில் வரைந்திருப்பது தமிழ், கணினி எண்ணிக்கொண்டிருப்பது ஆங்கிலம். k என்ற எழுத்தின் இடத்தில் ம வடிவத்தையும், f இடத்தில் க வடிவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் வைத்திருப்பார்கள். எனவே கோப்பைப் பொறுத்தவரை `kjpaf;nfhil` என்பதுதான் உண்மையான எழுத்து. பாமினியைப் போட்டால்தான் அது மதியக்கொடை. திரையில் தெரிவதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய வகை ஃபான்ட் இல்லை. வெறும் கட்டங்கள் வந்தால் எழுத்து யூனிகோடுதான், போட்டிருக்கும் ஃபான்டில் தமிழ் இல்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல ஃபான்ட் ஒன்றைத் தேர்ந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். ஆகாது. அது யூனிகோடு தமிழுக்கான ஃபான்ட். k என்று சொன்னால் அதற்கு k தான் தெரியும். இரண்டே வழிகள்தான். ஒன்று, அதே பாமினியை வாங்கிப் போடுவது. பையன் போன் போட்டால் அண்ணாச்சி சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: "ஏலே, நீ ஒண்ணும் தொடாத. ஃபான்டை அனுப்புதேன், அதை உள்ள இழுத்துப் போட்டுட்டு அப்புறம் மாத்து." வந்த டிடிஎஃப் கோப்பை எடிட்டரின் மேல் இழுத்துப் போட்டால் பல உலாவி எடிட்டர்கள் அதை ஏற்றிக்கொள்ளும், கணினியில் நிறுவக்கூட வேண்டாம். குறிப்பில் இருக்கும் பெயரும் ஏற்றிய ஃபான்டின் உள்பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பாமினி என்ற பெயரோடு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் உலவுகின்றன. வேறொன்றைப் போட்டால் எழுத்தின் அகலம் மாறி, கடைசிச் சொல் அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

இரண்டாவது வழி, அந்த வரியை யூனிகோடில் புதிதாக அடிப்பது. நீண்ட நாள் நோக்கில் இதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் இதில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது.

கொடை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் க, அதன் பின் ஒகரக் குறி, பிறகு ட, அதன் பின் ஐகாரக் குறி என்று ஒலிக்கிற வரிசையில் நான்கு குறியீடுகள் நிற்கும். திரையில் வரும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு க-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். ஐகாரக் குறி ட-வைத் தாண்டி முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி நிரல் வேண்டும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சாதாரண இணையப் பக்கங்களுக்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பை வைத்து இதைச் செய்கின்றன. ஆனால் எடிட்டர் தன் பலகையில் எழுத்தைத் தானே வரைகிறது என்றால், உலாவியின் உதவி தானாகக் கிடைத்துவிடாது. அந்த வேலையை அதுவே செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், குறிகளைச் சுற்றிப் புள்ளி வட்டங்கள் முளைக்கும். ஆகவே புது எடிட்டர் எதுவானாலும் வேலையைத் தொடங்கும் முன் ஒரு காலி அடுக்கில் "கொடை" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு, கால், ஐகாரம் மூன்றும் அதில் இருக்கின்றன. அது சரியாக வந்தால் தொடரலாம்.

பாமினியில் இந்தத் தொல்லையே கிடையாது. கொம்பை முதலில் அடி, பிறகு க, பிறகு கால். எழுதுகிற வரிசையும் அடிக்கிற வரிசையும் ஒன்றுதான். எந்த மென்பொருளும் எதையும் இடம் மாற்ற வேண்டாம், அதனால் ஃபான்ட் கையில் இருக்கும்வரை எதிலும் உடையாது. யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆன பிறகும் பிளெக்ஸ் கடைகள் பழைய ஃபான்டை விடாமல் இருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம். சோம்பல் என்று அவர்களைத் திட்டுவது நியாயம் இல்லை.

எழுத்து அடுக்கு தொட்டால்தான் உடையும். நிழல், வெளிக்கோடு, ஒளிவட்டம் போன்ற அலங்காரங்கள் திறக்கும்போதே மாறிவிடலாம். அவற்றுக்கு வரைந்த படம் அடுக்கோடு சேமிக்கப்படுவதில்லை. குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. நிழல் எந்தக் கோணம், எத்தனை புள்ளி தூரம், எவ்வளவு பரவல் என்ற எண்கள் கோப்பில் உண்டு. அந்த எண்களை வைத்து ஃபோட்டோஷாப் எப்படி வரைகிறது என்பதை அடோபி வெளியிட்டிருக்கும் கோப்பு விளக்க ஆவணம் சொல்வதில்லை. மற்ற எடிட்டர்களை எழுதுபவர்கள் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். 2013இல் இவான் குட்ஸ்கிர் தனியாளாக வெளியிட்ட போட்டோபீ என்ற உலாவி எடிட்டர் இந்த வேலையை வியக்கத்தக்க அளவு நெருக்கமாகச் செய்கிறது. அதுவும் கோப்பை எந்த சர்வருக்கும் அனுப்பாமல், உலாவிக்குள்ளேயே. ஆனாலும் நெருக்கம் வேறு, அச்சு அசல் வேறு. சாமி பெயரைச் சுற்றியிருக்கும் பொன்னிற வெளிக்கோடு ஒரு சுற்றுத் தடித்திருந்தால், மூலப்படம் பக்கத்தில் இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது.

அதற்குத்தான் கடைசியில் இருக்கும் அந்தத் தட்டைப் படம். அது ஃபோட்டோஷாப்பே வரைந்த சாட்சி. இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரி நிரல் இருந்தால் அதை மட்டும் பிரித்தெடுக்கலாம்:

```
magick "kodai.psd[0]" saatchi.png
```

வந்த படத்தை எடிட்டரில் மேல் அடுக்காக வைத்து, கலப்பு முறையை Difference என்று மாற்றினால் ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். எது மாறியிருக்கிறதோ அது மட்டும் வெளிச்சமாகத் தெரியும். எதையும் திருத்துவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். தட்டைப் படம் வெறும் வெள்ளையாக, ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்போடு வந்தால், அண்ணாச்சி சேமிக்கும்போது Maximize Compatibility என்ற தேர்வை விட்டுவிட்டார் என்று பொருள். அப்போது ஒரு ஜேபெக் அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

கோப்பு சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சு முறையில் இருந்து, எடிட்டர் அதைத் திரைக்கான ஆர்ஜிபி முறைக்கு மாற்றித் திறந்திருந்தால் இந்தச் சோதனையில் படம் முழுக்க லேசாக வெளிச்சம் தெரியும். பிளெக்ஸுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. அதே வடிவத்தைச் சிறிய நோட்டீஸாகச் சிவகாசியில் ஆஃப்செட்டில் அடிக்கக் கொடுப்பதாக இருந்தால் யோசிக்க வேண்டும். தனிக் கறுப்பு மையாக இருந்த பொடி எழுத்து, ஆர்ஜிபிக்குப் போய்த் திரும்பும்போது நான்கு மைகளின் கலவையாகிவிடும். தட்டுகள் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரம் நிறம் நிறமாகத் தெரியும்.

நினைவகத்தையும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 10 அடிக்கு 6 அடி, அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் 8640க்கு 5184. புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு முழு அடுக்கு விரியும்போது சுமார் 179 எம்பி. கோப்பில் அது சுருக்கப்பட்டிருப்பதால் சின்னதாகத் தெரியும். முழு அளவில் பத்து அடுக்குகள் இருந்தால் 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அந்தத் தாவல் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளலாம்.

திருத்தி முடித்த கோப்பை மறுபடி பிஎஸ்டியாகச் சேமித்து அண்ணாச்சிக்கு அனுப்பினால், இதே கதை எதிர்த்திசையில் நடக்கலாம். அவருடைய ஃபோட்டோஷாப் திறக்கும்போது, எழுத்து அடுக்குகளைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கக்கூடும். Update கொடுத்தால் எல்லா எழுத்தும் குறிப்பிலிருந்து மறுபடி வரையப்படும். பையன் யூனிகோடில் அடித்த வரியை அவருடைய பழைய ஃபோட்டோஷாப், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்காமல் வரைந்தால், கொடையின் கொம்பு அங்கே இடம் மாறும். எனவே அச்சுக்குப் போவது தட்டையாக்கிய டிஃப் அல்லது ஜேபெக் ஆக இருக்கட்டும். பிஎஸ்டியை அனுப்பும்போது எந்த அடுக்கு பாமினி, எந்த அடுக்கு யூனிகோடு என்று அடுக்கின் பெயரிலேயே எழுதிவிடலாம்.