கோபால் ஏன் கிடைக்கவில்லை?

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்தோம். வெளியீட்டுக்கு எட்டு நாள் இருந்தது, தானியங்கி டெஸ்ட் எல்லாம் பச்சை. அப்போதுதான் எங்கள் டெஸ்டர் என் மேசைக்கு வந்து, "கோபால்னு தேடினா வரலை. லிஸ்ட்ல இருந்து காப்பி பண்ணிப் போட்டா வருது. டைப் பண்ணினா வரலை" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன், வரவில்லை. திரையில் இரண்டு கோபாலுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த பெயர்கள் ரவி, குமார், முருகன், இப்படி நாங்களே தட்டியவை. அவர் அதைத் தொடவில்லை. பழைய கணினியிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பதிவுகளில் நாற்பதை எடுத்து ஒவ்வொன்றையும் கையால் தட்டித் தேடியிருக்கிறார். ராமசாமி கிடைத்தார், கோபால், சோமசுந்தரம், பொன்னம்மாள், லோகநாதன் கிடைக்கவில்லை. கிடைக்காத பெயர்களிலெல்லாம் கொ, கோ வகை எழுத்து இருப்பதையும் அவரே குறித்து வைத்திருந்தார். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தவை. அதில் கோ என்று தட்ட முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். எங்கள் மாற்றி நிரல் கொம்பைக் க-வுக்குப் பின்னால் நகர்த்தியது, ஆனால் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்காமல் தனித்தனியாகவே விட்டுவிட்டது. இன்றைய விசைப்பலகையில் தட்டினால் இரண்டும் சேர்ந்த ஒரே குறி விழும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு:

```python
import unicodedata
a = "க\u0bcbபால்"
b = "க\u0bc7\u0bbeபால்"
len(a), len(b)    # (6, 7)
a == b            # False
unicodedata.normalize("NFC", b) == a   # True
```

இது அப்படியே வெளியே போயிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது. வரவேற்பில் இருப்பவர் கோபாலைத் தேடுவார், கிடைக்காது, வரிசை நீளும், புது எண் போட்டு உள்ளே அனுப்பிவிடுவார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய எண்ணில் தூங்கும், மருத்துவர் முன்னால் வெற்றுப் பக்கம் திறக்கும்.

நான் அவசரத்தில் செய்த முதல் திருத்தம் அசட்டுத்தனமானது. தேடும் சொல்லை மட்டும் NFC ஆக்கினேன், அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றினேன். தட்டும்போது அது ஏற்கெனவே சேர்ந்த வடிவில்தானே வருகிறது, பிரிந்து கிடப்பது தரவுதளத்தில்! அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் மாற்றி, சேமிக்கும் இடத்திலும் அதே வரியைப் போட்ட பிறகு, "கிளைகள்ல இருந்து CSV ஏத்துறாங்களே, அது இந்த வழியாப் போகுதா?" என்று கேட்டார். போகவில்லை. அதையும் சரி செய்தோம்.

பிறகு கௌரியில் சிக்கினோம். நம்மில் நிறையப் பேர் கௌ-வுக்குப் பதிலாகக் கெ-யும் ள-வும் சேர்த்துக் கெளரி என்று தட்டுவோம், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே இருப்பது உண்மையான ள, அதை NFC தொடாது, தொடவும் கூடாது. ஒற்றைக்கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று நான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, தன் பெயர்ப் பட்டியலில் வெள்ளையம்மாள் என்று ஒரு வரி சேர்த்து எனக்குக் காட்டினார். நான் சொன்ன விதி அந்த அம்மாவின் பெயரைச் சிதைத்துவிடும்.

அதனால் அதை நிரலில் தீர்க்கவில்லை, வெளியீட்டுக் குறிப்பில் எழுதினோம். நான் எழுதியது ஒருங்குறி, இயல்பாக்கம் என்று மூன்று பத்தி. அவர் அதை அழித்துவிட்டு எழுதியது: "கௌரி, சௌந்தரம் போன்ற பெயர்கள் கிடைக்காவிட்டால் கெளரி, செளந்தரம் என்றும் தட்டிப் பாருங்கள். அதற்கு முன் கைபேசி எண்ணால் தேடுங்கள். இரண்டும் செய்யாமல் புது எண் போட வேண்டாம்." வரவேற்பு மேசையில் அதை அச்சடித்து ஒட்டியிருந்ததைப் பிற்பாடு நானே பார்த்தேன்.

வெளியீட்டு இரவில் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் போன நன்றி மின்னஞ்சலில் நிரல் எழுதிய நாலு பேரின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. அந்த மின்னஞ்சலை எழுதியவன் நான்தான். ஒன்றும் நடக்காததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பதிவை எழுதுவது அதனால்தான். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பெயர்ப் பட்டியல் இன்னும் எங்கள் ஒவ்வொரு பில்டிலும் ஓடுகிறது. முதல் வரி கோபால், கடைசி வரி வெள்ளையம்மாள்.