நேர்காணலுக்குப் பின் பதில் இல்லையா? இப்படிக் கேளுங்கள்

"ஏதாவது தகவல் உண்டா சார்?" என்று மட்டும் வரும் வாட்ஸ்அப் செய்திக்குப் பெரும்பாலும் நான் பதில் எழுதுவதில்லை. கோபத்தால் அல்ல. அனுப்பியவர் யார், எந்த வேலைக்கு வந்தவர் என்று தேடுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டிலும் உள்ள ஆலைகளுக்கு ஆள் எடுத்துத் தருவது என் தொழில்.

நேர்காணல் முடிந்ததும் ஆலை மேலாளரின் மதிப்பீடு எழுத்தில் வர வேண்டும். சம்பளத்துக்குத் தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். முதலிடம் பெற்றவருக்குப் பணி நியமனக் கடிதம் அனுப்பிவிட்டு, அவர் சேர்வாரா என்று காத்திருக்கும் நாட்களும் உண்டு. அப்போது இரண்டாமவரிடம் 'ஆம்' என்று சொல்ல முடியாது. 'இல்லை' என்று சொல்லவும் நிறுவனத்துக்கு மனம் வராது. நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

எனவே தேதியை நேர்காணல் அறையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்: "முடிவு எப்போது தெரியும்? அதுவரை வரவில்லை என்றால் யாரிடம் கேட்கலாம்?" இப்படிக் கேட்பதை யாரும் அவசரப்படுவதாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்ன நாள் கடந்து இரண்டு வேலை நாட்கள் பொறுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் போதும்.

தரக் கட்டுப்பாட்டு வேதியியலாளர் பணிக்கு வந்த கடலூர்ப் பெண் ஒருவரிடம் "அடுத்த வெள்ளிக்குள் சொல்கிறோம்" என்றிருந்தார்கள். வெள்ளி போனது. திங்கள், செவ்வாய் பொறுத்து, புதன் காலை அவர் மின்னஞ்சல் அனுப்பினார். நேர்காணல் அழைப்பு வந்த அதே மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதியதால், அவருடைய விவரமெல்லாம் கீழேயே இருந்தது. அதன் சாரம் இதுதான்:

"வணக்கம். தரக் கட்டுப்பாட்டு வேதியியலாளர் பணிக்கு ஐந்தாம் தேதி நேர்காணலுக்கு வந்திருந்தேன். தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடிவை எதிர்பார்க்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். இப்போதைய வேலையிலிருந்து விலக எனக்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தேவை."

கடைசி வரியைக் கவனியுங்கள். கேட்பதற்கான காரணம் அதில் இருக்கிறது. நிறுவனம் அவர் சேரும் நாளைக் கணக்கிடவும் அது உதவுகிறது. "சம்பள ஒப்புதல் நிலுவையில் உள்ளது, அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று அன்று மாலையே பதில் போனது.

வேறு நிறுவனம் கடிதம் கொடுத்துக் கெடு வைத்திருந்தால், அந்தத் தேதியைச் சொல்லி உடனே கேட்கலாம். ஆனால் இல்லாத கடிதத்தைச் சொல்லி மிரட்டாதீர்கள். "அப்படியானால் அங்கேயே சேருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

வேலைவாய்ப்பு முகவர் மூலம் போனவர்கள் முகவரிடமே கேட்க வேண்டும். நேர்காணல் செய்த மேலாளரின் சொந்த எண்ணுக்கு இரவில் செய்தி அனுப்பினால், அது எங்களுக்குப் புகாராகவே வந்து சேரும்.

முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றால் ஏழெட்டு நாள் கழித்து இன்னொன்று எழுதலாம். அதற்கும் பதில் இல்லையா, அந்த இடத்தைக் கணக்கில் வைக்காமல் மற்ற விண்ணப்பங்களைத் தொடருங்கள். முதலாமவர் சேராமல் போனால், உங்கள் எண்ணை அவர்களே தேடி எடுப்பார்கள்.